ஒரு ‘உம்’ போட்ட பாட்டு

இந்த இதழ்ல போன தடவை பிளேஸ்மென்ட் பத்தி எழுதின நான், இந்தத் தடவை ஒரு பாட்டைப் பத்தி எழுதப் போறேன். நான் எழுதின பாட்டு. சிரிக்காதீங்க. ப்ளஸ் டூல மார்க்குக்காக ரெண்டாம் மொழியா பிரெஞ்சு எடுத்தவ நான். தமிழ்ல கடைசியா பரீட்சை எழுதினது எட்டாம் வகுப்புல. இந்தக் கட்டுரையே மூணு பேர் பிழை திருத்தித்தான் உங்க கைக்கு வருது.

பாட்டு எங்க ஆச்சிக்காக. அம்மாவோட அம்மா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். போன வருஷம் ஏப்ரல்ல அவங்களோட ரெண்டு சிறுநீரகமும் செயலிழந்துடுச்சுன்னு தெரிஞ்சது. அன்னையிலிருந்து திங்கள், புதன், வெள்ளின்னு வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். இது சரியாகுமான்னு அம்மா கேட்டதுக்கு டாக்டர் மறைக்காம பதில் சொன்னார்: “சிறுநீரகம் திரும்ப வேலை செய்யாதும்மா. ஆனா அவங்க வாழலாம்.” அந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுலதான் எங்க குடும்பம் இப்போ குடியிருக்கு.

ஆச்சி அந்தக் காலத்துல ஊர்க் கொடையில முளைப்பாரி கும்மிக்கு முன்பாட்டு பாடினவங்க. அவங்க ஒரு வரி பாட, முப்பது பொம்பளைங்க திருப்பிப் பாடுவாங்களாம். மிஷின்ல படுத்திருக்கிற நாலு மணி நேரமும் கூரையைப் பாத்துட்டே கிடக்காங்கன்னு அம்மா சொன்னப்போ, “நான் ஒரு சாமிப் பாட்டு எழுதித் தாரேன், படுத்துக்கிட்டே பாடுங்க”ன்னு போன்ல வாய் விட்டுட்டேன். முருகன் மேல, கும்மி மெட்டுல. அதுதான் ஆச்சி தூக்கத்துலயும் தாளம் தப்பாம பாடுற மெட்டு.

முதல்ல மெட்டைப் பிடிக்கணும். எங்க தமிழ் மன்றத்து ஜூனியர் ஒருத்தன் அரை மணி நேரத்துல சொல்லிக் கொடுத்தான். தமிழ்ச் செய்யுளோட அடிப்படை அலகு அசை. அது ரெண்டே வகை: நேர், நிரை. குறிலோ நெடிலோ தனியா வந்தா நேர். முன்னால ஒரு குறில் நின்னு அடுத்த எழுத்தோட சேர்ந்து வந்தா நிரை. புள்ளி வச்ச எழுத்து தனியா அசை ஆகாது, முன்னால நிக்கிற எழுத்தோட சேர்ந்து அந்த அசையை முடிச்சுடும். பூஜ்யம், ஒண்ணு மாதிரின்னு எனக்கு உடனே ஒட்டிக்கிச்சு. நான் பிடிச்ச கும்மி மெட்டுக்கு நேரும் நிரையும் சேர்ந்து ‘தானன’ன்னு வரணும். அந்த மாதிரி நாலு சீர் முதல் வரியில, மூணு சீர் ரெண்டாம் வரியில. கடைசிச் சீர் மட்டும் ‘தானனனா’ன்னு கொஞ்சம் நீளும். அந்த நீட்டத்துலதான் கை தட்டி ஒரு சுத்து திரும்புவாங்க.

ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதினேன். இதோ முதல் பாட்டு:

வேலனே ஆயிரம் காவடி தூக்குவேன்
வேதனை தீர்ந்திடச் செய்துவிட்டால்
மொட்டையும் போடுவேன் மூணுநாள் பட்டினி
மூச்சிலே தெம்புநீ தந்துவிட்டால்

தாளம் சுத்தமா உக்காந்துச்சு. வே-லனே, ஆ-யிரம், கா-வடி, தூக்-குவேன். நாலும் தானன. எனக்கு ஏகப் பெருமை. செமஸ்டர் லீவுல ஊருக்குப் போய், திண்ணையில ஆச்சி பக்கத்துல உக்காந்து பாடிக் காட்டினேன். ஆச்சி தொடையில தாளம் போட்டுக்கிட்டே கேட்டாங்க. முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க:

“ஏட்டி, விட்டால் விட்டால்னு பாடுதியே, விடாட்டா என்ன செய்வே?”

பதில் சொல்ல வரலை. அவங்க கோவமா கேக்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க, “சந்தையில கருவாட்டுக்காரிகிட்ட பேசுத மாதிரில்லா இருக்கு. நீ இவ்வளவு குறைச்சா நான் ரெண்டு கூடு வாங்குதேன்னு. சாமிகிட்ட அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்ல, பாத்துக்கோ.”

நேர்த்திக்கடனை நான் கேலி பண்றேன்னு நினைச்சுக்காதீங்க. எங்க வீட்டுலயே எல்லாரும் நேந்திருக்காங்க. கோயம்புத்தூர் மாமா பழனிக்கு நேந்து, நடந்தே போயிட்டு, பஞ்சாமிர்தம் கொண்டு வந்தார். பஞ்சாமிர்தத்துல முக்கியமானது வாழைப்பழம். வாழைப்பழத்துல பொட்டாசியம் அதிகம், ஆச்சிக்கு ஆகாது. ஆச்சி அந்த டப்பாவைக் கண்ணுல ஒத்திட்டு எங்கிட்ட நீட்டிட்டாங்க. மாமா முகத்தை நான் பாக்கலை. தான் சொன்ன விலையை மாமா கொடுத்துட்டார். பதிலுக்கு எதிர்பார்த்தது வரலை. வராதுன்னு டாக்டர் ஏற்கெனவே சொல்லிட்டார். அப்போ அந்தப் பேரம் எங்க போய் நிக்கும்? ஒண்ணு, சாமி மேல வருத்தம். இல்லைன்னா, நாம கொடுத்தது பத்தலைன்னு நம்ம மேலயே வருத்தம். மாமா ரெண்டாவதுல நின்னார். “வெறுங்கால்ல போயிருக்கணுமோ”ன்னு அம்மாகிட்ட கேட்டது என் காதுல விழுந்துச்சு.

சரி, ‘ஆல்’ விகுதியை எடுத்துடுவோம்னு முடிவு பண்ணினேன். ‘செய்தால்’, ‘தந்தால்’ எதுவுமே வேணாம். முழுக்க முழுக்க நம்பிக்கை. ரெண்டாவது பாட்டு இப்படி ஆரம்பிச்சது:

நிச்சயம் காப்பவன் நீயென நம்பினேன்
நாளையே ஆச்சியும் தேறிடுவாள்

இதை அம்மாகிட்ட போன்ல பாடினேன். அம்மா அழுதாங்க, நல்லா இருக்குன்னாங்க. நானும் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு சனிக்கிழமை. ஆச்சிக்குக் கால் தளர்ந்து எழுந்திரிக்க முடியலை. ரத்தம் எடுத்துப் பாத்தா பொட்டாசியம் 6.4. அஞ்சரைக்குள்ள இருக்கணும்னு அவங்க டாக்டர் சொல்லி வச்சிருந்தார். அது ஏறினா இதயத்துடிப்பே தப்பும். திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே மிஷின்ல போட்டாங்க. நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில போனைப் பிடிச்சுட்டு நின்னேன். பாடலாமேன்னு வாயைத் திறந்தா, ‘நாளையே ஆச்சியும்’கிற இடத்துல தொண்டை அடைச்சிருச்சு. துக்கத்துல அடைச்சதுன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் புரிஞ்சது, வெக்கத்துல. அந்த வரி பொய். எனக்கே தெரிஞ்ச பொய்.

அங்கதான் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. ரெண்டாவது பாட்டும் பேரம்தான். முதல் பாட்டுல காவடியை விலையா வச்சேன். ரெண்டாவதுல என் நம்பிக்கையையே விலையா வச்சேன். ‘பாரு, நான் எவ்வளவு நம்புறேன், என்னை ஏமாத்திடாதே’ன்னு சாமியை நெருக்குறேன். நான் நம்பினது முருகனை இல்லை. நல்ல ரிப்போர்ட்டை.

அதுக்கப்புறம் எனக்கு நானே ஒரு டெஸ்ட் வச்சுக்கிட்டேன். நம்ம பாஷையில சொன்னா டெஸ்ட் கேஸ் ரெண்டு. ரிப்போர்ட் நல்லா வந்த அன்னைக்கு இந்த வரியைப் பாட முடியுமா? மோசமா வந்த அன்னைக்கும் ஒரு எழுத்தை மாத்தாம பாட முடியுமா? ரெண்டுலயும் நிக்கிற வரிதான் பாட்டுல இருக்கணும். என் ரெண்டு பாட்டும் ரெண்டாவது கேஸ்ல விழுந்துடுச்சு.

நமக்கு முன்னாடி எழுதினவங்க இதை எப்படிச் செஞ்சாங்கன்னு பாக்க நூலகத்துக்குப் போனேன். அப்பர் சூலை நோயால வயித்து வலியில துடிச்சப்போ திருவதிகையில பாடின பதிகம் இருக்கு. உரையோட படிச்சேன். வலிக்குது, தாங்க முடியலை, தீர்த்து வையின்னு நேராவே கேக்கிறார். அதுல எனக்கு ஒரு நிம்மதி. கேக்கிறது தப்பில்லை. விலை பேசுறதுதான் வேற. அப்புறம் ஜூனியர் சொல்லி, குலசேகர ஆழ்வாரோட பெருமாள் திருமொழியில அஞ்சாம் பத்தைப் படிச்சேன். வித்துவக்கோட்டுப் பெருமாளைப் பத்தினது. அதுல ஒரு உவமை: மருத்துவர் கத்தியால அறுக்கிறார், சூடு வைக்கிறார், ஆனாலும் நோயாளிக்கு அவர் மேல உள்ள அன்பு போகலை. அதுபோல நீ துன்பமே தந்தாலும் நான் உன்னையேதான் பாத்துட்டு இருப்பேன்னு ஆழ்வார் சொல்றார். வாரத்துக்கு ஆறு ஊசி குத்துற ஒருத்தங்களைப் பத்தி எழுத உக்காந்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா அந்தப் பாசுரத்துல நான் கவனிச்சது இலக்கணத்தைத்தான். உரையில திரும்பத் திரும்ப வந்த சொல் ‘தந்தாலும்’, ‘செய்தாலும்’. நான் எழுதினது ‘தந்துவிட்டால்’. வித்தியாசம் ஒரே ஒரு ‘உம்’. ‘தந்தால்’னா அதுக்குப் பின்னாடி ஒரு விலை வந்தே ஆகணும், வாக்கியம் அதைக் கேட்டு வாங்கும். ‘தந்தாலும்’னா பின்னாடி வர்றது எதைச் சார்ந்தும் மாறாது. ஆச்சி கேட்ட ‘விடாட்டா’வுக்கு உண்டான பதில் அந்த உம்முக்குள்ள இருக்கு.

மூணாவது பாட்டுக்கு நான் கற்பனையை நம்பலை. அடுத்த லீவுல போய் நாலு நாள் ஆச்சி கூடவே இருந்து பாத்தேன். பாத்ததை மட்டும் எழுதுறதுன்னு வச்சுக்கிட்டேன்.

முதல்ல அந்தக் கை. டயாலிசிஸ்க்காக இடது கையில ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைச்சிருக்காங்க. ஃபிஸ்டுலான்னு பேரு. சிரை தடிச்சு ஊசிக்குத் தயாராக வாரக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் கழுத்துல குழாய் போட்டிருந்தாங்க. அந்த இடத்துல விரலை வச்சா உள்ள ‘ர்ர்ர்’னு அதிரும். அதிர்ந்தாத்தான் ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். அதிர்வு நின்னா அடைச்சிருச்சுன்னு அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதனால ஆச்சி தினமும் காலையில எழுந்ததும் காதை அந்தக் கை மேல வச்சுக் கேப்பாங்க. “வண்டு பாடுது ட்டி, இன்னிக்கும் பாடுது”ன்னு சொல்லிட்டுத்தான் பல் விளக்கப் போவாங்க.

அடுத்தது தண்ணி. ஆச்சிக்கு ஒரு நாளைக்கு 750 மில்லிதான், காப்பி, குழம்பு எல்லாம் சேர்த்து. நூத்தைம்பது மில்லி பிடிக்கிற ஒரு சின்ன டம்ளர் வச்சிருக்காங்க. அஞ்சு டம்ளர். ஒவ்வொண்ணு குடிச்சதும் சுவத்துல கரிக்கட்டையால ஒரு கோடு. நெல்லை வெயில்ல மூணு கோடு மத்தியானத்துக்குள்ளயே விழுந்துடும். அதுக்கு மேல குடிச்சா அந்தத் தண்ணி வெளிய போக வழியில்லாம கால்லயும் நெஞ்சுலயும் தங்கும். எடை கூடும், மிஷின் அதை இழுத்து எடுக்கிறப்போ உடம்பு முறுக்கும்.

இதோ மூணாவது பாட்டு. இதுதான் இப்போ ஆச்சிகிட்ட இருக்கு:

கையிலே வண்டது பாடுது வேலவா
காவலா நீயதைக் கேட்டிருப்பாய்

எண்ணியே தண்ணியை ஆச்சிதான் மொள்கிறாள்
எண்ணிடா அன்பினைக் கொண்டவனே

நெஞ்சிலே அச்சமும் நிற்குது உண்மைதான்
நீயதன் பக்கமே நின்றிருப்பாய்

நாளையின் சேதியை நானறி யாதவள்
நாளையில் நிற்பவன் நீயறிவாய்

தேறியே வந்தாலும் தேறாது போனாலும்
தாங்கிடும் கையது உன்னதுதான்

இதுல நான் எங்கெங்க தடுமாறினேன்னு சொல்லணும். முதல் கண்ணியில மொதல்ல ‘கேட்டருள்வாய்’னு எழுதியிருந்தேன். தப்பில்லை, ஆனா அவருக்கு இன்னும் கேக்கலைங்கிற மாதிரி இருந்துச்சு. ‘கேட்டிருப்பாய்’னு மாத்தினேன். ஆச்சிக்கு முன்னாடியே காதை வச்சுக் கேட்ட ஒருத்தர் இருக்கார்ங்கிற மாதிரி. சீர் மாறலை, அர்த்தம் மாறிடுச்சு.

மூணாவது கண்ணியை ஜூனியர் எடுத்துடச் சொன்னான். நம்பிக்கைப் பாட்டுல அச்சம் எதுக்குன்னு கேட்டான். நான் விடலை. பயத்தை மறைச்சா பாட்டு திரும்பவும் ரெண்டாவது பாட்டா ஆயிடும். பயம் இருக்கு, அதை அவர் முன்னாடி வைக்கிறேன், அவ்வளவுதான். அப்பர் வலியை மறைக்கலையே.

கடைசிக் கண்ணி தாளத்துல இடிக்கும். ‘வந்தாலும்’, ‘தேறாது’, ‘போனாலும்’ மூணுமே தானன இல்லை, நேர் நேர் நேர்னு வரும். கூவிளமாவே ஆக்க ஒரு வாரம் முட்டிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த உம்தான் முதல்ல விழுந்துச்சு. உம் விழுந்தா பாட்டே விழுந்த மாதிரி. கடைசியில தாளம் இடிச்சா இடிக்கட்டும்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணு. பாட்டுல நான் எதையுமே கேக்கலை. ஆனா ராத்திரி படுக்கிறப்போ ‘ஆச்சியை நல்லா வை’ன்னு கேக்கத்தான் செய்றேன். அதை நிறுத்தணும்னு எனக்குத் தோணலை. ஆனா அது என்னோட பேச்சு. பாட்டு ஆச்சி வாயில இருக்கப் போறது, நாலு மணி நேரம், வாரத்துக்கு மூணு நாள். திரும்பத் திரும்ப ஒரு விண்ணப்பத்தைப் பாடினா, பாடுறவங்க ஒவ்வொரு தடவையும் பதிலுக்காகக் காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பை ஆச்சி தலையில வைக்க எனக்கு மனசு வரலை.

போன மாசம் ஒரு புதன்கிழமை நானும் கூடப் போனேன். ரெண்டு ஊசியும் ஏத்தி, குழாய்ல ரத்தம் ஓட ஆரம்பிச்சதும், ஆச்சி வலது கையால கட்டில் கம்பியில தாளம் போட்டாங்க. இடது கையை அசைக்கக் கூடாது. முணுமுணுப்பாத்தான் பாடினாங்க. பக்கத்துக் கட்டில் தாத்தா கண்ணை மூடிட்டே கேட்டுட்டு இருந்தார். கடைசிக் கண்ணி வந்தப்போ நான் பல்லைக் கடிச்சேன், இப்போ இடிக்கும்னு. இடிக்கலை. ஆச்சி ‘வந்தாலும்’ல ‘லும்’மைச் சுருக்கி, ‘போனாலும்’ல மூச்சை இழுத்து, அஞ்சு மாடு போற சந்துல ஆறாவது மாட்டை ஓட்டிட்டுப் போற மாதிரி கொண்டு போயிட்டாங்க. முப்பது பேருக்கு முன்பாட்டு பாடினவங்களுக்கு அசை எண்ணவா தெரியணும்.

திரும்ப முதல்ல இருந்து எடுத்தாங்க. ரெண்டாவது கண்ணி வந்தப்போ ஒரு வரி மாறியிருந்துச்சு. நான் எழுதினது ‘ஆச்சிதான் மொள்கிறாள்’. அவங்க பாடினது:

எண்ணியே தண்ணியை நானுமே மொள்கிறேன்
எண்ணிடா அன்பினைக் கொண்டவனே

நானுமே. அங்கயும் ஒரு உம் போட்டுட்டாங்க. மனசுக்குள்ள சீர் பிரிச்சுப் பாத்தேன்: நா-னுமே. தானன. சரியா இருந்துச்சு.

“வரியை மாத்திட்டீங்க ஆச்சி”ன்னேன்.

“என் பாட்டுட்டி, நான் மாத்துவேன்”ன்னாங்க.